ராத்தாட பிரீசர்ல சுருண்ட பெருநாள் இறச்சி: கல்சியம், ட்ரோபோனின், கையை விட மறந்த மயோசின்

ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சி ரெண்டு கிழமைக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போறதுக்கு முன்னால ராத்தா கோல் எடுத்து, "தம்பி, உழ்ஹிய்யா இறச்சி ரப்பர் மாதிரி இரிக்கி, குக்கர்ல ஒரு மணித்தியாலம் வெச்சும் வேகுதில்ல, கிழட்டு மாடு தந்துட்டானுகள் போல" என்டு ஒரே புலம்பல். வீட்டுக்கு ஆள் வாற நாள் வேற. நான் அக்கரைப்பத்துல ஏ எல் பயோ படிப்பிக்கிற ஆள், இறச்சிக்கடைக்காரன் இல்ல, ஆனா அவ அதுக்குப் பிறகு சொன்ன ஒரு விசயம் என்ட காதுல நிண்டுட்டு. "ஐஸ் கரைய வெச்ச தண்ணிக்குள்ளயே துண்டெல்லாம் சுருண்டு போச்சி, அடுப்புல வைக்க முந்தியே."

அடுப்புல வெச்சா இறச்சி சுருங்கும், அது எல்லாருக்கும் தெரியும். பச்சைத் தண்ணிக்குள்ள சுருங்கிச்சென்டா அது வேற கதை. அது வேகிறது இல்ல, அது தசை இழுக்கிறது. செத்து பதினாலு நாளான மாட்டுட தசை ராத்தாட பேசினுக்குள்ள கிடந்து கடைசித் தடவையா ஒரு இழுவை இழுத்திரிக்கி.

நடந்ததை முதல்ல ஒழுங்கா எழுதிர்ரன்.

மாட்ட அறுத்தது காலைல எட்டேகாலுக்கு. எங்கட பங்கு வீட்டுக்கு வந்தது ஒன்பதரைக்கு, பின்னங்கால் தொடை. அத ரெண்டாப் பிரிச்சி பாதி ராத்தா எடுத்தா, பாதி உம்மாக்கு. ராத்தா வேலை வெள்ளன முடியணும் என்டு எலும்பெல்லாம் கழட்டி கறித்துண்டு அளவுக்கு சின்னச் சின்னதா வெட்டி, சொப்பின் பேக்ல தட்டையா பரப்பி, பத்து மணிக்கெல்லாம் டீப் பிரீசருக்குள்ள தள்ளிட்டா. வெட்டக்குள்ள சில துண்டு பலகைல கிடந்து துடிச்சதாம், உப்புப் பட்ட துண்டு இன்னும் கூடத் துடிச்சதாம், சின்ன மகள் பயந்து கத்திட்டாளாம். இந்தத் துடிப்ப மனசுல வெச்சிக்கங்க, கேஸே இதுலதான் இரிக்கி.

உம்மா பழைய ஆள். அவ எலும்போட பெரிய துண்டா, ஒரு மூணு கிலோ வரும், பின்விறாந்தைல கொக்கில தொங்கவிட்டு, ஈ வராம சீலையச் சுத்தி, அசருக்குப் பிறகுதான் பிரிட்ஜுட கீழ்த்தட்டுல வெச்சா. அடுத்த நாள் வெட்டி பிரீசர்ல போட்டா. அதே மாடு, அதே கால், அதே மாதிரி ரெண்டு கிழமை ஐஸ்ல கிடந்திச்சி. உம்மாட ஆணம் பஞ்சு மாதிரி. கிழட்டு மாடு என்ட கதை அந்த இடத்துலயே முடிஞ்சி.

அப்ப ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன? ராத்தாட இறச்சி அறுத்து ரெண்டு மணித்தியாலம் ஆகிறதுக்குள்ள பிரீசருக்குள்ள போயிட்டு. உம்மாட இறச்சி உறையக்குள்ள ஒரு நாள் போயிட்டு. அந்த ஒரு நாளுக்குள்ள தசைக்குள்ள என்ன முடிஞ்சி போச்சி என்டுறதுதான் கேள்வி.

துடிக்கிற துண்டு என்ன சொல்லுது

மாடு செத்தாலும் அதுட ஒவ்வொரு தசை நாரும் அதே நிமிசத்துல சாகிறதில்ல. நாருக்குள்ள அதுக்கு சக்தி குடுக்கிற ஏடிபி இரிக்கி. ஒரு கிராம் தசைக்கு அஞ்சு மைக்ரோமோல் கிட்ட, பெரிய தொகை இல்ல, முழு வேகத்துல இழுத்தா ரெண்டு மூணு செக்கன்ல தீந்துரும். ஆனா கிரியேட்டின் பொஸ்பேட்டும் கிளைக்கோஜனும் இருக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப நிரப்புப்படும். ஒக்சிசன் இல்லாததால கிளைக்கோஜன் லக்டிக் அமிலமா மாறும், பிஎச் ஏழுக்குக் கிட்ட இருந்து மெல்ல மெல்ல அஞ்சரைக்கு இறங்கும். மாட்டுல இது முடிய பல மணித்தியாலம் எடுக்கும், குளிரா வெச்சா ஒரு நாள் வரைக்கும் இழுபடும், எங்கட சூட்டுக்கு அதவிட வெள்ளன முடியும்.

ராத்தா கத்தி வெச்ச நேரம் இந்தச் சேமிப்பு கிட்டத்தட்ட முழுசா இருந்த நேரம். உப்புப் பட்டா என்ன நடக்கும் என்டா, நாருட வெளிச்சவ்வுல இருக்கிற மின் வித்தியாசம் குழம்பும், நரம்பு வந்து தட்டின மாதிரியே ஒரு அலை அந்தச் சவ்வுல ஓடும். அந்தச் சவ்வு நாருக்குள்ள குழாய் குழாயா இறங்கிப் போகுது, ரீ குழாய் என்டு பிள்ளைகள் பாடமாக்கிறது. அந்தக் குழாய்ச் சவ்வுல மின் மாற்றத்த உணர்ற ஒரு புரதம் இரிக்கி. அதுக்கு முன்னாலயே, கை எட்டுற தூரத்துல, சாக்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ட பை, நான் இனி கல்சியப் பை என்டே சொல்றன், அதுட கதவு இரிக்கி, ரயனொடின் ரிசெப்டர். எலும்புத் தசைல உணர்ற புரதம் அந்தக் கதவ நேராவே இழுத்துத் திறக்குது, இடையில தூதன் ஒருத்தனும் இல்ல. கதவு திறந்தா பைக்குள்ள அடைச்சிக் கிடந்த கல்சியம் வெளிய கொட்டும்.

எவ்வளவு என்டா, ஓய்வா இருக்கிற நாருல வெளிய கல்சியம் லீட்டருக்கு 0.1 மைக்ரோமோல் அளவுதான். கதவு திறந்தா அது 1 தொடக்கம் 10 மைக்ரோமோலுக்கு ஏறும். பத்து மடங்கு தொடக்கம் நூறு மடங்கு. இந்த ஏத்தத்துலதான் சுவிட்ச் விழுது.

சுவிட்ச்

மயோசின் தடிச்ச இழை, அதுல இருந்து தலை தலையா நீட்டிக்கிட்டு இரிக்கி. அக்டின் மெல்லிய இழை. மயோசின் தலைக்கு அக்டினப் புடிக்க எப்பவும் ஆசை, அத நிப்பாட்டி வெச்சிருக்கிறது ட்ரோபோமயோசின் என்ட நீளக் கயிறு. ஒரு கயிறு ஏழு அக்டின் மணிக்கு மேலால படுத்துக் கிடக்குது. கயிறு தானா அந்த இடத்துல நிக்கிறதில்ல, ட்ரோபோனின்தான் புடிச்சி வெச்சிரிக்கி. 1960களிட நடுப்பகுதில ஜப்பான்ல செட்சுரோ எபாஷிட குழு இதக் கண்டுபிடிக்கிற வரைக்கும், சுத்தமாக்கின அக்டினும் மயோசினும் மட்டும் சேர்ந்தா கல்சியத்த ஏன் கண்டுக்கிறதே இல்ல என்டு ஆக்களுக்கு விளங்கல்ல. விசயம் என்னென்டா கல்சியம் அக்டினுக்கும் ஒண்டும் செய்யல்ல, எங்கட தசைல மயோசினத் திறக்கிறதும் அது இல்ல, அது போய் ஒட்டுறது ட்ரோபோனின்ல.

ட்ரோபோனின்ல மூணு துண்டு. ட்ரோபோனின் டி கயிற்றோட கட்டிக்கிட்டு இரிக்கி. ட்ரோபோனின் ஐ அக்டினப் புடிச்சிக்கிட்டு கயிற அந்த இடத்துலயே அமத்தி வெச்சிரிக்கி. ட்ரோபோனின் சி கல்சியத்துக்காகக் காத்துக்கிட்டு இரிக்கி. கல்சியம் வந்து சிக்குள்ள இருந்தோடனே சிட தலைப்பக்கம் விரிஞ்சி, எண்ணெய்ப்பசை மாதிரி ஒரு பள்ளம் வெளிய தெரியும். அந்தப் பள்ளத்துக்கு ஐட ஒரு துண்டு வந்து பொருந்திக்கும், அப்ப ஐ அக்டின விட்டுரும். புடி விட்ட கயிறு அக்டின் மேல கொஞ்சம் உருளும், அவ்வளவுதான், மயோசினுக்கு இடம் தெரியும். முதல் தலை ஏறி ஒட்டக்குள்ள கயிற இன்னும் தள்ளி விடும், பக்கத்துல உள்ளதுக்கு வேலை லேசு.

கல்சியம் சிய விட்டு இறங்கினா எல்லாம் பின்பக்கமா நடந்து பூட்டு விழும். ஆனா கல்சியம் இறங்கணும் என்டா வெளில கல்சியம் குறையணும், குறையணும் என்டா கல்சியப் பை அத திரும்ப உறிஞ்சணும், உறிஞ்சிற பம்ப் ஒரு ஏடிபிக்கு ரெண்டு கல்சியம் என்ட கணக்குல கூலி கேட்கும். இத ஒரு பக்கம் வைங்க, திரும்ப வருவம்.

விடுறதுக்குத்தான் ஏடிபி

வகுப்புல வருசா வருசம் ஒரே பிழை. "சேர், ஏடிபி முடிஞ்சா தசைக்கு சக்தி இல்ல, அப்ப தளர்ந்து போகணும்தானே?" நல்ல பிள்ளைகள் கேட்கிற பிழை இது, ஏனென்டா லைட் அணைஞ்சா மின்விசிறி நிக்கும் என்ட மாதிரி யோசிக்கிறாங்க. நான் அவங்களுக்கு மீன் மார்க்கட்டத்தான் காட்டுறது. கல்முனைக் கடக்கரைல வாலப் புடிச்சித் தூக்கினா பலகை மாதிரி விறைச்சி நிக்கிற மீனத்தான் ஆக்கள் தேடி வாங்குறது, தொங்கிப் போனத விடுவாங்க. (அப்பதான் வலைல இருந்து எடுத்ததும் தொங்கும், ஆனா அத வீட்டுக்காரர் காணக் கிடைக்காது.) அந்த விறைப்பு சக்தி இருக்கிறதால வந்த விறைப்பு இல்ல, சக்தி முடிஞ்சதால வந்த விறைப்பு.

ஒரு மயோசின் தலைட சுத்து இப்படி. ஏடிபி வந்து தலைல இருந்தா, தலை அக்டின விடும். கவனிக்கணும், உடையிறதால இல்ல, வந்து இருக்கிறதாலயே விடும். விட்ட பிறகுதான் தலை அத உடைக்கும், ஒரு பொஸ்பேட் தனியாப் பிரியும், ஒரு பொஸ்பேட் குறைஞ்ச மிச்சம்தான் வகுப்புல "டைபொஸ்பேட்" என்டு சொல்றது. நானும் அப்படியே டைபொஸ்பேட் என்டு எழுதிர்ரன், இல்லாட்டி கண்ணு குழம்பும். உடைஞ்ச சக்தில தலை பின்னால மடங்கி, எலிப்பொறி இழுத்து வெச்ச மாதிரி நிக்கும். வழி திறந்திருந்தா அக்டின்ல ஒட்டும். ஒட்டினோடன பொஸ்பேட் வெளிய போகும், தலை சுண்டி இழுக்கும். பிறகு டைபொஸ்பேட்டும் போகும். இப்ப தலை இழுத்து முடிச்சி, கை வெறுங்கையா, அக்டின இறுக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்கிது. அடுத்த ஏடிபி வந்தாத்தான் விடும். வரல்லயென்டா? விடாது. அதுதான் விறைப்பு. இழுக்கிறதுக்குக் காசு முன்கூட்டியே கட்டியாச்சி, விடுறதுக்குத்தான் புதுக் காசு வேணும். லிம்னும் டெய்லரும் 1971ல இந்தச் சுத்த வேகம் அளந்து எழுதி வெச்சாங்க, அதுக்குப் பிறகு விவரம் கூடிச்சே தவிர அடி மாறல்ல.

ஆகவே தசை தளர ஏடிபி ரெண்டு இடத்துல வேணும். தலைய அக்டின்ல இருந்து கழட்ட ஒண்டு. கல்சியத்த பைக்குள்ள திருப்பி அனுப்பி ட்ரோபோனின் சுவிட்ச அணைக்க இன்னொண்டு. ரெண்டாவது மட்டும் கெட்டா தலை விடும், ஆனா வழி திறந்தே கிடக்கிறதால திரும்பப் புடிக்கும், திரும்ப இழுக்கும், ஏடிபி தீரும் வரைக்கும். இதுதான் ராத்தாட பேசின்ல நடந்தது.

ரெண்டு இறச்சிட ரெண்டு சாவு

உம்மாட துண்ட முதல்ல பாப்பம், அது நேர்க்கதை. கொக்கில தொங்கின நேரம் கல்சியப் பை முழுசா இருந்திச்சி, பம்ப் ஓடிச்சி, கல்சியம் கீழ இருந்திச்சி, சுவிட்ச் பெரும்பாலும் அணைஞ்ச நிலை. ஏடிபி மெதுவா, மணித்தியாலக் கணக்கா குறைஞ்சிச்சி. குறைய குறைய அங்கொண்டு இங்கொண்டா தலைகள் ஒட்டிக்கிட்டு விட ஏலாம நிண்டிரிக்கும். இதுல ஒரு வேடிக்கை, இப்படி மாட்டிக்கிட்ட தலைகள் கயிறத் தள்ளிக்கிட்டு நிக்கிறதால கல்சியம் இல்லாமலே பக்கத்து இடங்கள் திறபடும், அதால கடைசிக் கட்டத்துல விறைப்பு சடாரென்டு பரவும். ஆனா அந்த நேரம் இழுக்கிறதுக்கு ஏடிபி மிச்சம் இல்ல. அதோட எலும்புல ஒட்டித் தொங்கின தசை, சுருங்க நினைச்சாலும் ரெண்டு நுனியும் கட்டிக் கிடக்கு. அதால பூட்டு விழுந்தது கிட்டத்தட்ட உசிரோட இருந்த நீளத்துலயே.

இதுக்குப் பிறகு அந்த இறச்சிய எவ்வளவு உறைய வெச்சாலும் எப்படிக் கரைய வெச்சாலும் இழுக்கிறதுக்கு ஒண்டும் இல்ல. கல்சியம் எவ்வளவு கொட்டினாலும் சரி.

ராத்தாட துண்டு அப்படி இல்ல. மெல்லிசா வெட்டித் தட்டையா பரப்பினதால சட்டென்டு உறைஞ்சிட்டு, ஏடிபி உள்ளயே மாட்டிக்கிட்டு. ஐஸுக்குள்ள அத செலவழிக்கிற வேலையும் கிட்டத்தட்ட நிண்டுட்டு. ஆனா உறையக்குள்ள ஐஸ் ஊசிகள் கல்சியப் பைட சவ்வக் கிழிச்சிட்டு. ரெண்டு கிழமையா ஒண்டும் நடக்கல்ல, நார் ஐஸுக்குள்ள கம்பி மாதிரி நிண்டது. வெள்ளிக்கிழமை காலைல பைப் தண்ணிக்குள்ள போட்டோடன ஐஸ் சட்டென்டு கரைஞ்சி, கிழிஞ்ச பைல இருந்து கல்சியம் எல்லா இடமும் கொட்டி, எல்லா ட்ரோபோனினும் ஒரே நேரம் திறந்து, ஏடிபியும் கையில இரிக்கி, பம்ப் உறிஞ்சினாலும் ஓட்டைப் பை, நிக்காது. தலைகள் எல்லாம் முழு மூச்சா இழுத்து, துண்டா வெட்டிக் கிடக்கிறதால நுனியப் புடிச்சி நிப்பாட்ட எலும்பும் இல்லாம, போகக்கூடிய தூரம் எல்லாம் போய், அங்க ஏடிபி தீர்ந்து, அங்கயே பூட்டு.

தளர்ந்த தசைல இந்த இழைகள் அடுக்கிக் கிடக்கிற, ரெண்டு சுவருக்கு இடைப்பட்ட ஒரு கட்டம், சாக்கோமியர் என்டுறது, 2 மைக்ரோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. தடிச்ச இழைட நீளம் 1.6 மைக்ரோமீட்டர். சாக்கோமியர் அதுக்கும் கீழ சுருங்கினா தடிச்ச இழைட நுனி ரெண்டு பக்கச் சுவர்லயும் போய் முட்டி மடங்கும். ராத்தாட துண்டு இந்த வகை. பல்லுக்கு வெட்ட இடைவெளியே இல்ல, நெருக்கிக் கட்டின கட்டு. சுருங்கின வேகத்துல இழைகளுக்கு இடையில இருந்த தண்ணியெல்லாம் பிழிஞ்சி வெளிய, பேசின் தண்ணி சிவப்பாப் போனது அதால.

குக்கர் ஏன் உதவல்ல? குக்கர் கரைக்கிறது கொலாஜின, அதாவது நார்கள சுத்தி இருக்கிற சவ்வையும் சதை ஜவ்வையும். கிழட்டு மாட்டுட கட்டி அதுலதான் இரிக்கி, அதுக்குக் குக்கர் சரி. இழை மேல இழை ஏறிச் சுருண்ட கட்டிக்கு சூடு இன்னும் கொஞ்சம் இறுக்கத்தான் செய்யும்.

இறச்சித் துறைல இத தோ ரிகர் என்டு சொல்லுவாங்க, ஐஸ் கரையக்குள்ள வாற விறைப்பு. இதுட தங்கச்சி கோல்ட் ஷோர்ட்னிங், உறையாமலே வெறும் குளிர்ல சுருங்கிறது. அத 1963ல நியூசிலாந்துல லொக்கரும் ஹக்யார்டும் எழுதினாங்க. சூடான மாட்டுத் தசைய சுழியத்துக்குக் கிட்ட வெச்சா நல்லா சுருங்கிச்சி, 14 தொடக்கம் 19 பாகை வரைக்கும் வெச்சதுதான் குறைவா சுருங்கிச்சி. குளிர்ல பம்ப் சோர்ந்து போகும், கல்சியம் கசியும், ஏடிபி இன்னும் இரிக்கி, அதே கதை கொஞ்சம் மெதுவா.

நான் செஞ்சி பாத்தது

கதை சரி, ஆனா கண்ணால பாக்காம ராத்தாட்ட போய் சொன்னா ஏச்சுத்தான் வாங்கணும். அதால ஒரு ஞாயிற்றுக்கிழமை சுபஹ் தொழுதுட்டு இறச்சிக்கடைக்குப் போய், அப்பதான் அறுத்த தொடைல ஒரு துண்டு வாங்கி, நார் ஓடுற திசையிலயே பென்சில் தடிப்புல மூணு கீலம் வெட்டினன், ஒவ்வொண்டும் 10 சென்டிமீட்டர். திசை முக்கியம், குறுக்க வெட்டினா ஒண்டும் அளக்க ஏலா. மூணும் கத்தில இருக்கக்குள்ளயே துடிச்சிச்சி. உப்புக் கிள்ளிப் போட்டு இன்னொரு துண்டுலயும் பாத்தன், புழு மாதிரி நெளிஞ்சிச்சி. நுனில 50 கிராம் படி கட்டித் தொங்கவிட்டா 11.5க்கு நீண்டு, கழட்டினா திரும்பி வந்திச்சி. நீளுது என்டா தலைகள் விட்டுக்கிட்டு இரிக்கி, ஏடிபி உள்ள இரிக்கி என்டு அர்த்தம்.

முதல் கீலத்த சும்மா பேக்ல போட்டு பிரீசருக்கு. ரெண்டாவத ஒரு பலகைத்துண்டுல ரெண்டு நுனியும் ஆணி அடிச்சி, இழுக்காம தளர்த்தாம, அப்படியே பிரீசருக்கு. மூணாவத நிழல்ல தொங்கவிட்டு மஃரிபுக்குப் பாத்தன், 8.6க்கு வந்திரிக்கி, 50 கிராம் கட்டினா ஒரு மில்லிமீட்டர் கூட அசையல்ல. பூட்டு விழுந்துட்டு. எங்கட சூட்டுல கொஞ்சம் சுருங்கித்தான் பூட்டுது, அது எதிர்பார்த்ததுதான். இரவு பிரிட்ஜ், அடுத்த நாள் பிரீசர்.

ஒரு கிழமைக்குப் பிறகு மூணையும் ஒண்டா பைப் தண்ணிக்குள்ள போட்டன். முதலாவது கண்ணுக்கு முன்னாலயே சுருண்டிச்சி. உண்மையாவே தெரியும், வெயில்ல போட்ட மண்புழு மாதிரி, ஒரு பக்கம் முதல்ல கரையக்குள்ள அந்தப் பக்கம் வளைஞ்சி, மறுகா மத்தப் பக்கம். இருவது நிமிசத்துல 10 சென்டிமீட்டர் 5.2 ஆகி, தடிப்பு விரல் அளவுக்கு ஊதிட்டு. போடக்குள்ள 4.2 கிராம், துடைச்சி நிறுத்தா 3.1. ஆணி அடிச்சது ஆணிய இழுத்து ஓட்டையக் கொஞ்சம் கிழிச்சிச்சி, ஆனா நீளம் 9.8லயே நிண்டது. மூணாவது 8.6ல இருந்து அசையவே இல்ல, 4.0 கிராம் 3.7 ஆகிச்சி.

மூணையும் ஒரே சட்டில அவிச்சிக் கடிச்சிப் பாத்தம், நானும் மச்சானும். முதலாவது ராத்தாட ரப்பரேதான். ஆணி அடிச்சது கொஞ்சம் இறுக்கம், ஆனா பல்லுக்கு வெட்டுப்பட்டிச்சி. மூணாவது நல்லம். எனக்கு இதுல ரெண்டாவதுதான் பெரிய சாட்சி. ஏடிபி அதுலயும் தீந்திச்சி, கல்சியம் அதுலயும் கொட்டிச்சி, பூட்டும் விழுந்திச்சி. வித்தியாசம் எந்த நீளத்துல பூட்டு விழுந்திச்சி என்டது மட்டும்தான். விறைப்பு எல்லா இறச்சிக்கும் வரும், ரப்பர் ஆகிறது சுருண்டு பூட்டினது மட்டும்.

உப்புச் சோதனைய யாரும் பெரிசா நம்பிரவும் கூடா. துடிச்சா ஏடிபி இரிக்கி, அது உறுதி. துடிக்கல்ல என்டா ஏடிபி தீந்துட்டு என்டு சொல்ல ஏலா, ஏனென்டா வெளிச்சவ்வு ஏடிபிக்கு முந்தியே செத்துரும், அலை ஓடாது, ஆனா உள்ள இழுக்கிறதுக்கு சாமான் மிச்சம் கிடக்கும். படி கட்டி நீளுதா என்டு பாக்கிறதுதான் நம்பத் தகுந்தது. இன்னொண்டு, அறுக்க முந்தி நல்லா ஓடி மிரண்ட மாடென்டா கிளைக்கோஜன் முந்தியே தீந்திரிக்கும், அதுல பூட்டு சீக்கிரமா விழும், என்ட நேரக் கணக்கு அதுக்குப் பொருந்தாது.

மிச்சம் கிடந்த மூணு பேக்

ராத்தாட பிரீசர்ல இன்னும் மூணு பேக் இருந்திச்சி, அதுகளையும் எறியப் போறன் என்டு நிண்டா. நான் ஒரு வழி சொன்னன். உறைஞ்ச இறச்சில ஏடிபி ரொம்ப மெதுவா குறைஞ்சிக்கிட்டுத்தான் இரிக்கும். சுழியத்துக்குக் கொஞ்சம் கீழ, மைனஸ் மூணு பாகை மட்டுல, குறையிற வேகம் கூடும், அதே நேரம் ஐஸ் இன்னும் நார்கள இறுக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்கும், சுருங்க விடாது. ஐஸே ஆணி வேலை பாக்கும். அதால சட்டென்டு தண்ணில போடாம, அந்த இடைப்பட்ட குளிர்ல நீண்ட நேரம் நிக்க விடணும். மூணு பேக்கையும் ஒண்டுக்கு மேல ஒண்டு இறுக்கி, கடதாசியும் சீலையும் சுத்தி ஒரே கட்டியாக்கி, பிரிட்ஜுட கீழ்த்தட்டுல ஆக மெதுவா கரையிற மாதிரி வைக்கச் சொன்னன்.

வர்ர பெருநாளுக்கு என்ன செய்றது என்டும் கேட்டா. எலும்போட பெரிய துண்டா விடு, சில மணித்தியாலம் நிழல்ல, கெட்டுப்போற அளவுக்கு வைக்காம பிரிட்ஜுக்கு, பெரிய துண்டு மெதுவாத்தான் குளிரும் அதால பயம் குறைவு, அடுத்த நாள் வெட்டி பிரீசருக்கு. "அத உம்மா செஞ்சதுதானே" என்டா. ஓம், உம்மா செஞ்சதுதான்.

மூணு பேக்கும் முழுசாக் கரைய ஒண்டரை நாள் எடுத்திச்சி. ராத்தா படம் அனுப்பினா, தட்டுல தண்ணி கொஞ்சம்தான், துண்டுகள் அவ வெட்டின வடிவத்துலயே கிடந்திச்சி, ஓரத்துல முதல்ல கரைஞ்ச நாலஞ்சு துண்டு மட்டும் சுருண்டு. அந்த நாலஞ்சையும் பொறுக்கி கொத்து இறச்சிக்கு அரைச்சிட்டாவாம், மிச்சத்த ஆணம் வெச்சி எனக்கும் ஒரு பாத்திரம் அனுப்பினா.